ஒயிலர் முறையில் அட்டவணை அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வகையீட்டுச் சமன்பாடு ஒன்றைச் சிறு சிறு படிகளாகத் தீர்க்கும் ஒயிலர் முறையில் கூட்டலும் பெருக்கலும் தவிர வேறு கணக்கு இல்லை. அதனாலேயே அதில் நேரும் தவறுகள் கண்ணில் படாமல் போய்விடுகின்றன; விடை ஏறத்தாழச் சரியானதாகவே தோன்றும். இக்கட்டுரை முழுவதும் ஒரே கணக்கை வைத்து அத்தவறுகளைப் பார்ப்போம்.

கொக்குவிலில் ஒரு வீட்டில் காலை 6 மணிக்குக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்து ஆறவிடுகிறார்கள். மூடிய பானையில் அதன் வெப்பநிலை அப்போது 80 பாகை செல்சியஸ் என்றும், வெளிக்காற்று அவ்வேளையில் 26 பாகையாக இருந்து மணிக்கு ஒரு பாகை வீதம் ஏறி நண்பகலில் 32 பாகையை அடைகிறது என்றும் கொள்வோம். குளிரல் மாறிலியை மணிக்கு 0.5 என எடுத்தால், நியூற்றனின் குளிரல் விதிப்படி கிடைக்கும் சமன்பாடு இது:

dθ/dt = −0.5(θ − 26 − t),  θ(0) = 80

காலை 8 மணிக்கு, அதாவது t = 2 ஆகும்போது, θ எவ்வளவு என்பதே வினா. இச்சமன்பாட்டுக்குச் செப்பமான தீர்வும் உண்டு: θ = 24 + t + 56e^(−0.5t). அதன்படி விடை 46.60 பாகை. கையால் செய்த கணக்கைச் சோதிக்க அது உதவும். படி நீளம் h = 0.5 எனக் கொண்டு அமைத்த அட்டவணை பின்வருமாறு:

| t | θ | வெளிக்காற்று | வீதம் | மாற்றம் (h × வீதம்) |
|---|---|---|---|---|
| 0 | 80 | 26 | −27 | −13.5 |
| 0.5 | 66.5 | 26.5 | −20 | −10 |
| 1.0 | 56.5 | 27 | −14.75 | −7.375 |
| 1.5 | 49.125 | 27.5 | −10.8125 | −5.40625 |
| 2.0 | 43.71875 | | | |

வீதத்துக்கும் மாற்றத்துக்கும் தனித்தனி நிரல்கள் இருப்பது வீண் வேலையன்று. மாற்ற நிரலை விட்டுவிடுபவர்கள் ஏதாவதொரு நிரையில் h ஆல் பெருக்க மறந்து, 80 இலிருந்து நேரே 27 ஐக் கழித்து 53 என எழுதிவிடுகிறார்கள்.

மிகவும் வழக்கமானதும் கண்டுபிடிக்கக் கடினமானதுமான தவறு நிரைகளைக் கலப்பதாகும். ஒரு நிரையின் வீதத்தைக் கணிக்கும்போது t, θ இரண்டும் அதே நிரையிலிருந்தே வர வேண்டும். t நிரலை முதலிலேயே மேலிருந்து கீழ்வரை நிரப்பி வைத்தவர், கண் ஒரு நிரை கீழே நழுவ, பழைய θ உடன் புதிய t ஐச் சேர்த்துவிடுவார். நமது கணக்கில் அப்படிச் செய்தால் முதல் வீதம் −27 க்குப் பதிலாக −26.75 ஆகும், இறுதியில் 43.72 க்குப் பதிலாக 44.06 வரும். செப்பமான விடை 46.60 என்பதால், தவறான விடை சரியான ஒயிலர் விடையைவிட உண்மைக்கு அருகில் நிற்கிறது. ஆகவே செப்பமான விடையோடு ஒப்பிட்டு இத்தவறைப் பிடிக்க முடியாது. தரப்பட்ட தொடக்கப் பெறுமானங்களைச் சமன்பாட்டில் தனியே பிரதியிட்டு, வரும் வீதம் முதல் நிரையில் உள்ளதுதானா என்று பார்ப்பதே எளிய சோதனை. முதல் நிரையில் இடறியவர் பெரும்பாலும் எல்லா நிரைகளிலும் இடறியிருப்பார்.

அடுத்தது, அட்டவணையில் உள்ள இலக்கங்களைத் திருத்தம் என்று நம்பிவிடுவது. 43.71875 என்பதில் ஐந்து தசமதானங்கள் இருக்கின்றன, ஆனால் அது ஏறத்தாழ மூன்று பாகை பிழையானது. செப்பமான தீர்வு கைவசம் இல்லாதபோது இதை அறிவதற்கு எளிய வழி, படி நீளத்தைப் பாதியாக்கி முழு அட்டவணையையும் மீண்டும் செய்வதாகும். h = 0.25 எனில் விடை 45.24 ஆகிறது. ஒயிலர் முறையின் வழு ஏறத்தாழ படி நீளத்துக்கு நேர்விகிதசமன் என்பதால், படி பாதியானால் வழுவும் ஏறத்தாழப் பாதியாகும். எனவே இரு விடைகளின் வித்தியாசமான 1.52 என்பதே இரண்டாவது விடையில் இன்னும் எஞ்சியுள்ள வழுவின் மதிப்பீடு ஆகும். உண்மையான வழு 1.36. அந்த வித்தியாசத்தை இரண்டாவது விடையோடு கூட்டினால் 46.77 கிடைக்கிறது. இரண்டு அட்டவணை போட்ட உழைப்புக்கு இது நல்ல பலன்.

ஆனால் இச்சோதனையின்போது இன்னொரு தவறு நுழையும். 0 இலிருந்து 2 வரை 0.25 ஆகச் செல்ல எட்டுப் படிகள் வேண்டும், ஆகவே நிரைகள் ஒன்பது. எட்டாவது நிரையிலேயே நிறுத்தியவர் t = 1.75 க்குரிய 47.74 ஐ விடையாக எழுதுவார். இதுவும் 46.60 க்கு அருகிலேயே இருப்பதால் ஐயம் எழாது. விடையை எடுக்குமுன் அதே நிரையின் t ஐ விரல் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

மட்டந்தட்டல் பற்றிப் பலரும் எச்சரிக்கிறார்கள், ஆனால் அது எங்கே கெடுக்கிறது என்பதைச் சொல்வதில்லை. நமது கணக்கில் ஒவ்வொரு நிரையிலும் θ ஐ முழு எண்ணுக்கு மட்டந்தட்டினால், h = 0.5 இல் 44 உம் h = 0.25 இல் 45 உம் வருகின்றன. தனித்தனியே பார்த்தால் இரண்டும் மோசமில்லை. ஆனால் அவற்றின் வித்தியாசம் 1.52 க்குப் பதிலாக 1 ஆகிவிடுவதால், வழு மதிப்பீடு மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகிறது. படியை மேலும் சிறிதாக்கினால் நிலைமை சீராகாது, இன்னும் கெடும். h = 0.01 எனில் முதல் மாற்றம் −0.27; 79.73 மட்டந்தட்டப்பட்டு மீண்டும் 80 ஆகும். அடுத்த நிரையிலும் அப்படியே. பானை ஆறவே ஆறாது! ஆகவே எத்தனை தசமதானங்கள் வைத்துக்கொள்வது என்பதை மாற்ற நிரலின் அளவைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். கணிப்பானில் உள்ளதை முழுமையாக நினைவகத்தில் வைத்து, தாளில் மட்டும் சுருக்கி எழுதுவது நன்று.

கடைசியாக, உழைப்பை மிச்சப்படுத்த படியை நீட்டுவது. நண்பகல் வெப்பநிலை வேண்டும் என்று h = 3 எடுத்து இரண்டே படிகளில் முடிப்பவர், முதற் படியில் 80 − 81 = −1 பாகையைப் பெறுவார். காலை 9 மணிக்கு யாழ்ப்பாணத்தில் பானை நீர் உறைந்துபோனதாம்! அடுத்த படியில் வீதம் +15 ஆகி, வெப்பநிலை 44 க்குத் தாவும். நண்பகலில் செப்பமான பெறுமானம் 32.79 தான். இங்கே இடர் என்னவென்றால், 44 என்ற இறுதி விடையை மட்டும் பார்ப்பவருக்கு அது வெந்நீருக்கு நம்பக்கூடிய எண்ணாகவே தெரியும். குழப்பம் நடு நிரையில்தான் இருக்கிறது.

இதற்குக் காரணம் எளிது. ஒவ்வொரு படியிலும் θ க்கும் 24 + t க்கும் இடையிலான இடைவெளி 1 − 0.5h ஆல் பெருக்கப்படுகிறது. h ஆனது 2 ஐத் தாண்டினால் இப்பெருக்கி மறையாகி, θ அக்கோட்டுக்கு மேலும் கீழுமாக மாறி மாறி விழும். 4 ஐத் தாண்டினால் அலைவு ஒவ்வொரு படியிலும் பெருத்துக்கொண்டே போகும். எனவே அட்டவணையின் கோடுகளைக் கீறுமுன் குளிரல் மாறிலியைப் படி நீளத்தால் பெருக்கிப் பார்க்க வேண்டும். அது 1 ஐ விடக் கணிசமாகக் குறைவாக இருந்தாலே படிகளைத் தொடங்கலாம்; h = 0.5 இல் அது 0.25.