சப்நெட் கணக்குல மொத்தம் சரியா வரும், ஆனா விடை தப்பா இருக்கும்

போன வாரம் நெட்வொர்க்கிங் எக்ஸாமுக்கு ரெடியாகுற நாலு பசங்களோட உக்காந்து பழைய கேள்வி ஒண்ண போட்டுப் பாத்தோம். 192.168.10.0/24 குடுத்திருக்காங்க, அத பிரிக்கணும். சேல்ஸுக்கு 12 ஹோஸ்ட், லேபுக்கு 60, ஆபீஸுக்கு 28, ரெண்டு ரவுட்டருக்கு நடுவுல இருக்குற லிங்குக்கு 2. ஒவ்வொண்ணுக்கும் நெட்வொர்க் அட்ரஸ், பயன்படுத்தக்கூடிய ரேஞ்ச், பிராட்காஸ்ட் எல்லாம் எழுதணும்.

நாலு பேர்ல மூணு பேர் ஒரே தப்பு. நான் படிக்கிறப்போ பண்ண அதே தப்பு, அச்சு அசலா. பாத்ததும் பழைய கடுப்பு அப்படியே திரும்ப வந்துச்சு, அதான் எழுத உக்காந்துட்டேன். கூட்டல் தப்பு, புள்ளி விட்டுப்போறது மாதிரி விஷயமெல்லாம் விட்டுடறேன், அது ரெண்டு மூணு கணக்கு போட்டா தானா போயிடும். இது தானா போகாது, ஏன்னா பண்றவங்களுக்கு தப்பு பண்ணோம்னே தெரியாது.

## காலி இடம் எங்க இருக்கோ அங்கயே ஆரம்பிக்கிறது

பசங்க எழுதினது இதான்:

```
சேல்ஸ்   192.168.10.0/28     .0   - .15
லேப்     192.168.10.16/26    .16  - .79
ஆபீஸ்    192.168.10.80/27    .80  - .111
லிங்க்    192.168.10.112/30   .112 - .115
```

மேலோட்டமா பாத்தா ஒரு குறையும் தெரியாது. 12 பேருக்கு 16 அட்ரஸ் உள்ள பிளாக் வேணும், 60க்கு 64, 28க்கு 32, 2க்கு 4. அது நாலும் சரி. மாஸ்க்கும் சரி. ஒண்ணு முடிஞ்ச எடத்துல அடுத்தது ஆரம்பிக்குது, நடுவுல ஓட்டை இல்ல. கடைசி அட்ரஸ் .115, சரியான விடையிலயும் கடைசி அட்ரஸ் .115 தான்! அதனால கூட்டிப் பாத்து செக் பண்ணாலும் மாட்டாது. ஆனா லேபும் ஆபீஸும் ரெண்டுமே தப்பு, நாலுல ரெண்டு வரி அப்படியே போச்சு.

ஏன் தப்புன்னா, 192.168.10.16/26னு ஒரு நெட்வொர்க்கே கிடையாது. சப்நெட்ட நாம நினைச்ச எடத்துல வெட்ட முடியாது. /26னு சொன்ன உடனே கடைசி ஆக்டெட்ல முதல் ரெண்டு பிட் நெட்வொர்க்குக்கு, மிச்ச ஆறு பிட் ஹோஸ்டுக்குன்னு ஆயிடுது, நெட்வொர்க் அட்ரஸ்ல அந்த ஆறு பிட்டும் சைபரா இருக்கணும். 16ஐ பைனரில எழுதி, /26 மாஸ்க்கான 255.255.255.192ல இருக்குற கடைசி 192ஓட வெச்சுப் பாருங்க:

```
 16  = 00 010000
192  = 11 000000
AND  = 00 000000  = 0
```

ஹோஸ்ட் பகுதியில ஒரு 1 உக்காந்திருக்கு. அப்போ .16ங்கிறது 192.168.10.0/26க்கு உள்ள இருக்குற சாதாரண ஹோஸ்ட் அட்ரஸ் அவ்வளவுதான். ஒரு /26 ஆரம்பிக்கணும்னா .0, .64, .128, .192 இந்த நாலு எடத்துல மட்டும்தான் முடியும். அதே மாதிரி .80/27ம் கிடையாது, /27 எல்லாம் 32 32ஆ தாண்டும், .64க்கு அப்புறம் .96 தான், 80 நடுவுல மாட்டிக்குது. லிங்குக்கு எழுதின .112 மட்டும் தப்பிச்சுது, 112 நாலால வகுபடும்கிறதால.

நான் இத கத்துக்கிட்டது தியரில இல்ல, பிராக்டிகல் எக்ஸாம்ல. பேப்பர்ல இப்படித்தான் பிரிச்சு வெச்சுக்கிட்டு சிஸ்கோ ரவுட்டர்ல போட ஆரம்பிச்சேன், முதல் இன்டர்ஃபேஸுக்கு 192.168.10.1, மாஸ்க் 255.255.255.240 குடுத்தேன் வாங்கிக்கிச்சு, ரெண்டாவதுக்கு 192.168.10.17, மாஸ்க் 255.255.255.192 குடுத்தேன், உடனே இது வந்துச்சு:

```
% 192.168.10.0 overlaps with GigabitEthernet0/0
```

நான் .17 குடுத்தா அது ஏன் .0ஐப் பத்தி பேசுதுன்னு புரியல. டைப்பிங் மிஸ்டேக்குன்னு நினைச்சு திரும்பத் திரும்ப அடிச்சேன், போர்ட்ட மாத்தினேன், ரவுட்டர ரீஸ்டார்ட் பண்ணேன், அரை மணி நேரம் அதுலயே போச்சு. ரவுட்டர் சரியாத்தான் சொல்லியிருக்கு. .17/26க்கு நெட்வொர்க் அட்ரஸ் .0, அது முதல் இன்டர்ஃபேஸ்ல இருக்குற .0/28ஓட மோதுது, அவ்வளவுதான் அந்த ஒரு வரியில இருக்கு. அந்த வரிய நிதானமா படிச்சிருந்தா அன்னைக்கு மார்க் போயிருக்காது.

ஒரே ரவுட்டர்ல இருந்தா அதுவாவது தடுக்கும். ரெண்டும் வேற வேற ரவுட்டர்ல இருந்துச்சுன்னா அது எதுவும் சொல்லாது, பாதி வேலை செய்யும் பாதி செய்யாது, அது இன்னும் மோசம். லேப்ல .20ல இருக்குற கம்ப்யூட்டர் சேல்ஸ்ல இருக்குற .5க்கு பிங் அடிச்சா, /26 மாஸ்க் படி .5 தன்னோட சொந்த நெட்வொர்க்லயே இருக்குன்னு நம்பி நேரா தேடும், கேட்வே பக்கமே போகாது, பதில் வராது. .70ல இருக்குறதுக்கு வேற பிரச்சனை, அதோட நெட்வொர்க் .64, கேட்வே .17 அதுக்கு வெளிய இருக்கு, அதனால அந்த மெஷின் வெளிய போக வழியே இல்ல. இந்த மாதிரி அறிகுறி பாத்தா கேபிள சந்தேகப்படாதீங்க, முதல்ல மாஸ்க்கையும் ஆரம்ப அட்ரஸையும் பாருங்க.

சரியான விடை இது:

```
லேப்     192.168.10.0/26     .1   - .62    பிராட்காஸ்ட் .63
ஆபீஸ்    192.168.10.64/27    .65  - .94    பிராட்காஸ்ட் .95
சேல்ஸ்   192.168.10.96/28    .97  - .110   பிராட்காஸ்ட் .111
லிங்க்    192.168.10.112/30   .113 - .114   பிராட்காஸ்ட் .115
```

பெரியத முதல்ல போடுன்னு எல்லாரும் சொல்லித் தருவாங்க, ஏன்னு சொல்ல மாட்டாங்க, அதான் எனக்கு எரிச்சல். காரணம் இதான். பிளாக் சைஸ் எல்லாம் 64, 32, 16, 4னு ரெண்டோட அடுக்கு. பெரிய பிளாக் எப்பவும் சின்ன பிளாக்கால மீதியில்லாம வகுபடும், அதனால சரியான எடத்துல ஆரம்பிச்சு பெருசுலேர்ந்து சிறுசுக்கு வந்தா ஒவ்வொண்ணும் முடியற எடம் அடுத்ததுக்கு தானாவே சரியான எல்லையா அமைஞ்சிடும். சிறுச முதல்ல போட்டா அந்த கேரண்டி கிடையாது.

ஆனா பெரியது முதல்லங்கிறது சட்டம் இல்ல, ஒரு வசதி. சட்டம் எல்லைதான். சேல்ஸுக்கு .0/28 குடுத்துட்டு லேப .64/26ல வெச்சு, ஆபீஸ .32/27ல வெச்சு, லிங்க .16/30ல வெச்சா அதுவும் முழுசா சரியான விடைதான், ஒண்ணோட ஒண்ணு மோதல. கேள்வில வரிசை சொல்லியிருந்தா இப்படித்தான் போடணும். எப்படிப் போட்டாலும் எழுதி முடிச்சதும் ஒவ்வொரு ஆரம்ப எண்ணையும் அதோட பிளாக் சைஸால வகுத்துப் பாருங்க, மீதி வந்தா அந்த வரி தப்பு. 16ஐ 64ஆல வகுத்தா மீதி 16. 80ஐ 32ஆல வகுத்தா மீதி 16. நாலு வரிக்கும் சேத்து ஒரு நிமிஷம் கூட ஆகாது. வீட்ல பயிற்சி பண்றப்போ பைத்தான் இருந்தா அதுவே சொல்லிடும்:

```
>>> import ipaddress
>>> ipaddress.ip_network('192.168.10.16/26')
ValueError: 192.168.10.16/26 has host bits set
```

## அதே தப்பு, மூணாவது ஆக்டெட்ல

நாலாவது ஆக்டெட்ல ஒழுங்கா பண்றவங்க கூட இங்க விழுவாங்க. 172.16.4.0/22 குடுத்து 300 ஹோஸ்ட் கேட்டா 512 அட்ரஸ் வேணும், அப்போ /23. இப்போ தாண்டுறது மூணாவது ஆக்டெட்ல, ரெண்டு ரெண்டா. 172.16.4.0/23 வரலாம், 172.16.6.0/23 வரலாம், 172.16.5.0/23 வரவே வராது, மூணாவது எண் இரட்டைப்படையா இருக்கணும். முதல் நெட்வொர்க் 172.16.4.0லேர்ந்து 172.16.5.255 வரைக்கும்.

இதுல இன்னொண்ணு, 172.16.4.255ம் 172.16.5.0ம் இந்த நெட்வொர்க்ல சாதாரண ஹோஸ்ட் அட்ரஸ். 255ல முடியுதேன்னு பிராட்காஸ்ட்னு எழுதி மார்க்க விட்டவங்க நிறைய பேர். பிராட்காஸ்ட் ஒண்ணே ஒண்ணுதான், 172.16.5.255.

## கேட்வேய எண்ண மறக்குறது

30 கம்ப்யூட்டர்னு கேள்வில இருந்தா உடனே /27னு எழுதிடாதீங்க. /27ல 32 அட்ரஸ், நெட்வொர்க்குக்கும் பிராட்காஸ்டுக்கும் போக 30, ரவுட்டர் இன்டர்ஃபேஸுக்கு எடம் இல்ல. "30 ஹோஸ்ட்"னு இருந்தா ரவுட்டரையும் சேத்த கணக்கா எடுத்து /27, "30 கம்ப்யூட்டர்"னு இருந்து ரவுட்டரும் இருந்தா /26. மேல நம்ம ஆபீஸுக்கு 28தான், எப்படி எண்ணினாலும் தாங்கும்.

## லிங்குக்கு /31

ரெண்டே அட்ரஸ் இருக்குற /31ஐ ரெண்டு ரவுட்டருக்கு நடுவுல இருக்குற லிங்குக்கு வெச்சுக்கலாம்னு 2000லயே RFC 3021 அனுமதிச்சிருச்சு, ஆனா கேள்வி வேற மாதிரி சொல்லாத வரைக்கும் /30 எழுதுங்க.

## சப்நெட் எண்ணிக்கையில ரெண்டு கழிக்கிறது

பழைய புத்தகத்துல இருக்கும். ஹோஸ்டுக்கு மட்டும் கழிங்க.

## மிச்சம் இருக்குறதுலேர்ந்து குடுக்கச் சொன்னா

இது கேள்வியோட கடைசி பகுதியா வரும், முதல் பகுதிய சரியா போட்டவங்களும் அவசரத்துல இங்க பழைய தப்புக்கே திரும்பிப் போறாங்க. நம்ம கணக்குல .116லேர்ந்து .255 வரைக்கும் 140 அட்ரஸ் மிச்சம். புதுசா 50 ஹோஸ்டுக்கு ஒரு சப்நெட் வேணும்னு கேக்குறாங்க. சரியா எழுதின அந்த ஒரு பையனும் இங்க .116/26னு எழுதினான். 64ஆல வகுபடுற அடுத்த எண் .128, அதனால விடை 192.168.10.128/26, ரேஞ்ச் .129 - .190, பிராட்காஸ்ட் .191. நடுவுல விட்ட .116லேர்ந்து .127 வரைக்கும் வீணாப் போகல, .116/30 ஒண்ணு, .120/29 ஒண்ணுன்னு ரெண்டு சின்ன நெட்வொர்க் அதுல எல்லை மீறாம உக்காரும், .192/26 முழுசா அப்படியே கையில இருக்கும்.