வாக்குவாதம் நடந்த கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதுவது எப்படி?

பெங்களூரில் ஏதாவது ஒரு தமிழ் அமைப்பின் செயற்குழுவில் புதிதாகச் சேர்ந்து பாருங்கள். இரண்டாவது கூட்டத்திலேயே மினிட்ஸ் நோட்டு உங்கள் கைக்கு வந்துவிடும். "உங்க தமிழ் நல்லா இருக்குப்பா, நீங்களே எழுதிடுங்க." எல்லோரும் தலையாட்டிய கூட்டத்துக்கு எழுதுவது சுலபம். குரல் உயர்ந்த கூட்டத்துக்கு எழுதும்போதுதான் பேனா நிற்கும். நடந்ததை அப்படியே எழுதினால் பேசியவருக்கு அவமானம். எழுதாமல் விட்டால் ஆறு மாதம் கழித்து "அன்னைக்கு நான் வேண்டாம்னு சொன்னேனே, எங்கே எழுதியிருக்கு?" என்று கேட்பார்.

ஒரு கற்பனைக் கூட்டத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம்.

ஹலசூரு பக்கம் ஒரு சிறிய தமிழ் அமைப்பு. ஒரு பள்ளி அரங்கை வாடகைக்கு எடுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறார்கள். 40 பிள்ளைகள், மாதம் தலா 200 ரூபாய். அரங்க வாடகை ஜூன் முதல் 6,000 ரூபாயிலிருந்து 9,000 ஆகிறது. கட்டணத்தை 300 ஆக்கலாம் என்கிறார் பொருளாளர். பாதிப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள் என்கிறார் வகுப்பு ஒருங்கிணைப்பாளர். பேச்சு முற்றுகிறது.

"ரசீதே கொடுக்காம காசு வாங்கினா எது வந்தது, எது போச்சுன்னு யாருக்குத் தெரியும் அக்கா?"

"அப்ப நான் எடுத்துக்கிட்டேன்னு சொல்றீங்களா சார்?" ரசீது தரும் வழக்கம் இல்லை, வரவெல்லாம் இதில் இருக்கிறது என்று ஒருங்கிணைப்பாளர் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து மேஜையில் போடுகிறார். பொருளாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏப்ரல் வரவு தன் கணக்கோடு ஒத்துப்போகிறது என்கிறார். தலைவர் டீ சொல்கிறார்.

படி 1: கூட்டத்துக்கு முன்பே பக்கத்தைப் பிரித்து வையுங்கள்

அஜெண்டாவின் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். அதில் நான்கு இடங்கள்: என்ன யோசனை வந்தது, என்னென்ன காரணங்கள் சொன்னார்கள், என்ன முடிவு, யார் எந்தத் தேதிக்குள் செய்வார்கள். "யார் என்ன பேசினார்" என்று ஓர் இடம் வைக்காதீர்கள். அப்படி ஒன்று இருந்தால் கை தானாக வசனம் எழுத ஆரம்பித்துவிடும்.

படி 2: கூட்டத்தில் காரணத்தை மட்டும் பிடியுங்கள்

சூடாகப் பேசுகிறவரின் வாக்கியத்துக்குள்ளும் ஏதோ ஒரு விவரம் இருக்கும். "ரசீதே கொடுக்காம" என்பதில் இருக்கும் விவரம், கட்டணத்துக்கு ரசீது தரப்படுவதில்லை என்பது. அதை எழுதுங்கள். தொனியை விட்டுவிடுங்கள்.

இந்தப் படியில் நான் மிக முக்கியமாக நினைப்பது ஒன்று உண்டு. அடுத்த பொருளுக்குப் போவதற்கு முன் கையைத் தூக்கி, "ஒரு நிமிஷம், முடிவை இப்படி எழுதுறேன், சரியா?" என்று கேட்டு அந்த ஒரு வரியைச் சத்தமாக வாசியுங்கள். மினிட்ஸைப் பற்றி வரும் பெரும்பாலான தகராறுகள் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். ஏனென்றால் ஒரே முடிவை ஏழு பேரும் ஏழு விதமாகப் புரிந்துகொண்டிருப்பார்கள். ஜூனா ஜூலையா, எல்லோருக்குமா புதுப் பிள்ளைகளுக்கு மட்டுமா என்பதெல்லாம் வாசிக்கும்போதுதான் வெளியே வரும். எதிர்த்து ஓட்டுப் போட்டவரிடம் "உங்கள் பெயரோடு பதிவு செய்யட்டுமா?" என்று கேட்பதும் அப்போதே.

படி 3: அன்று இரவே வரைவு எழுதுங்கள், ஆள் வரிசையில் வேண்டாம்

மறுநாள் ஆகிவிட்டால் விவரம் மறந்து சண்டை மட்டும்தான் ஞாபகம் இருக்கும். அனுபவம் இல்லாதவர் எழுதும் முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது:

> கட்டண உயர்வு அவசியம் என்று பொருளாளர் விளக்கினார். ஆனால் ஒருங்கிணைப்பாளர் அதை ஏற்க மறுத்து வாக்குவாதத்தில் ஈடுபட்டார். ரசீது தருவதே இல்லை என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். இறுதியில் தலைவர் சமாதானம் செய்ததும் கட்டணத்தை உயர்த்த முடிவானது.

இதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனாலும் படித்து முடிக்கும்போது ஒருங்கிணைப்பாளர்தான் குற்றவாளி. எப்படி? ஒருவர் "விளக்கினார்", இன்னொருவர் "மறுத்தார்", "ஒப்புக்கொண்டார்". விளக்குகிறவர் விஷயம் தெரிந்தவர், ஒப்புக்கொள்கிறவர் மாட்டிக்கொண்டவர். வினைச்சொல்லே தீர்ப்பு எழுதிவிட்டது. "தருவதே" என்பதில் உள்ள ஏகாரம் மேலும் ஒரு குத்து. பிறகு அந்த "ஆனால்". இரண்டு கருத்துக்கு நடுவில் "ஆனால்" போட்டால் ஏதாவது ஒரு பக்கம் கனம் கூடிவிடும்.

அதனால் பேசியவரின் வரிசையை விட்டுவிட்டு, யோசனைக்கு ஆதரவான காரணங்களை ஓரிடத்திலும் எதிரான காரணங்களை ஓரிடத்திலும் சேர்த்து எழுதுங்கள். வினைக்கு "தெரிவித்தார்", "கூறினார்" இரண்டும் போதும். திரும்பத் திரும்ப வந்தால் அலுப்பாக இருக்கும்தான். மினிட்ஸ் அலுப்பாக இருக்கலாம், தப்பில்லை.

படி 4: குற்றச்சாட்டை எப்படி எழுதுவது

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. பாதிப் பேர் அந்தப் பகுதியையே விழுங்கிவிடுகிறார்கள். அதுவும் ஒருதலைப்பட்சம்தான். ரசீது பற்றிக் கேட்டவருக்குக் கேட்க உரிமை உண்டு, அதற்குப் பதிலும் கிடைத்தது. இரண்டும் பதிவாக வேண்டும்.

கம்பெனிகளின் கூட்டங்களுக்கு இதில் ஒரு சட்ட வழி இருக்கிறது. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 118ஆம் பிரிவுப்படி, ஒருவருக்கு அவதூறாக அமையக்கூடியது, சம்பந்தமில்லாதது, கம்பெனியின் நலனுக்குக் கேடானது என்று தலைவர் கருதுவதை மினிட்ஸில் சேர்க்கக் கூடாது. நம்முடைய சங்கம் கம்பெனி இல்லை, இந்தச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது. அந்த அளவுகோலைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். "எடுத்துக்கிட்டேன்னு சொல்றீங்களா" என்பது அவதூறின் ஓரத்துக்குப் போகும் பேச்சு. ரசீது இல்லை என்பது நடைமுறையைப் பற்றிய விவரம். ஆளைப் பற்றிய பேச்சை நடைமுறையைப் பற்றிய விவரமாக மாற்றி எழுதுங்கள். மேஜையில் போட்ட நோட்டு "பார்வைக்கு வைக்கப்பட்டது" ஆகட்டும். கணக்கு ஒத்துப்போனதையும் மறக்காமல் எழுதுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் சந்தேகம் மட்டும் நோட்டில் தங்கிவிடும்.

இப்போது அதே விவாதம்:

> பொருள் 2: தமிழ் வகுப்புக் கட்டணம்
>
> அரங்க வாடகை ஜூன் முதல் மாதம் ரூ. 9,000 ஆக உயர்கிறது எனப் பொருளாளர் தெரிவித்தார். நோட்டுப்புத்தகம், தேநீருக்கான ரூ. 1,500 சேர்த்து மாதச் செலவு ரூ. 10,500. இப்போதைய வரவு ரூ. 8,000. கட்டணத்தை ரூ. 300 ஆக்கி, இயலாதவர்களுக்குச் சலுகை தரும் யோசனை முன்வைக்கப்பட்டது.
>
> ஆதரவான காரணம்: மாதம் ரூ. 2,500 பற்றாக்குறையைக் கையிருப்பிலிருந்து தொடர்ந்து ஈடுகட்ட இயலாது.
>
> எதிரான காரணங்கள்: கட்டணம் உயர்ந்தால் பாதிப் பிள்ளைகள் நின்றுவிடக்கூடும். சிலருக்கு மட்டும் சலுகை தந்தால் அது பிள்ளைகளுக்குள் தெரியவரும்.
>
> ரசீது குறித்துக் கேட்கப்பட்டது. கட்டணம் ரொக்கமாகப் பெறப்பட்டு வரவு நோட்டில் பதிவாகிறது, அச்சு ரசீது வழங்கும் வழக்கம் இல்லை என ஒருங்கிணைப்பாளர் தெரிவித்தார். நோட்டு பார்வைக்கு வைக்கப்பட்டது. ஏப்ரல் மாத வரவு தம் கணக்குடன் ஒத்துள்ளது எனப் பொருளாளர் தெரிவித்தார்.
>
> முடிவு: ஜூன் முதல் கட்டணம் ரூ. 300. இயலாத 12 பிள்ளைகளுக்கு ரூ. 200 தொடரும். ஆதரவு 5, எதிர்ப்பு 1, வாக்களிக்காதவர் 1. மூத்த உறுப்பினர் ஒருவர் தம் எதிர்ப்பைப் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொண்டார். காரணம்: இருவகைக் கட்டணம் பிள்ளைகளிடையே வேறுபாட்டை உண்டாக்கும்.
>
> செயல்: ரசீதுப் புத்தகம் அச்சிடுதல், பொருளாளர், மே 25க்குள்.

தலைவர் சமாதானம் செய்தது இதில் இல்லை, டீயும் இல்லை. கணக்கையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்: 28 பேர் 300, 12 பேர் 200, மொத்தம் 10,800. செலவுக்குப் போதும். முடிவும் எண்ணும் ஒத்துப்போகாத மினிட்ஸ் அடுத்த சண்டைக்கு விதை.

படி 5: எங்கே பெயர், எங்கே பொறுப்பு, எங்கே எதுவும் வேண்டாம்

விவாதத்தில் சொன்ன காரணங்களுக்குப் பெயர் தேவையில்லை. பொறுப்பின் பேரில் தகவல் தந்தவருக்குப் பொறுப்பைக் குறிப்பிட்டால் போதும். தீர்மானத்தை முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், வேலையை ஏற்றவர், எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொன்னவர் ஆகியோர் பெயரோடு வர வேண்டும். மேலே கற்பனை என்பதால் "மூத்த உறுப்பினர் ஒருவர்" என்று விட்டேன், உங்கள் நோட்டில் அவர் பெயர் இருக்கட்டும்.

சலுகை பெறும் 12 பிள்ளைகளின் பெயரை எழுதவே கூடாது. கூட்டத்தில் ஒருவர் "அந்த பெயின்டர் வீட்டுப் பசங்க" என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கலாம். அந்தக் குடும்பத்தினர் அங்கே பேசவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை. பட்டியல் ஒருங்கிணைப்பாளரிடம் தனியாக இருந்தால் போதும்.

ஒரு வரம்பையும் சொல்லிவிடுகிறேன். பணம் கையாடப்பட்டது என்று ஒருவர் நிதானமாக, புகாராகவே பதிவு செய்யச் சொன்னால் அதை மென்மையாக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. "இன்னார் இந்தப் பொருளில் புகார் அளித்தார், விசாரிக்க இன்னார் நியமிக்கப்பட்டார்" என்று எழுதி, புகாரின் சொற்களை எழுத்துப்பூர்வமாக அவரிடமே வாங்கி இணைத்துவிடுங்கள்.

படி 6: வரைவை யாருக்கு முதலில் காட்டுவது

வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். அங்கே போட்டால் மினிட்ஸுக்குக் கீழேயே கூட்டம் மறுபடி ஆரம்பித்துவிடும். முதலில் தலைவருக்கு, பிறகு வாதத்தில் இருந்த இருவருக்கும் தனித்தனியாக, ஒரே நேரத்தில், ஒரே பிரதியை அனுப்புங்கள். கம்பெனி இயக்குநர் கூட்டங்களுக்கான செயலக நெறிமுறையில், வரைவு 15 நாளுக்குள் போக வேண்டும், கருத்துச் சொல்ல 7 நாள் என்று இருக்கிறது. சிறிய அமைப்புக்கும் அது வசதியான கெடுதான்.

திருத்தம் கேட்டு வருவார்கள். "நான் அப்படிச் சொல்லலை, பாதிப் பிள்ளைங்கன்னு சொல்லலை, சில பேருன்னுதான் சொன்னேன்" என்றால் உங்கள் குறிப்பைப் பார்த்துத் திருத்தலாம். "நான் சொல்ல நினைச்சது இதுதான், இதைச் சேர்த்துடு தம்பி" என்று வந்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். அது அடுத்த கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம்.

அடுத்த கூட்டத்தில் மினிட்ஸ் ஏற்கப்பட்டுத் தலைவர் கையெழுத்துப் போட்ட பிறகு பிழை தெரிந்தால் வெள்ளை மை வேண்டாம். பழைய பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, அன்றைய மினிட்ஸில் "இந்தத் தேதிக் கூட்டத்தின் பொருள் 2இல், மே 25 என்பதை மே 31 எனத் திருத்திப் படிக்கவும்" என்று ஒரு வரி சேர்த்தால் சரி.