இளம் தம்பதியின் நிகர மதிப்புக் கணக்கு: ஒரு தாளில் போடுவது எப்படி?

இருவர் சம்பாதிக்கும் வீட்டில் சம்பளமும் தவணையும் விரல் நுனியில் இருக்கும். இன்றைய தேதிக்கு நம்மிடம் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது மட்டும் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்வதுதான் நிகர மதிப்புக் கணக்கு: மொத்தச் சொத்தில் மொத்தக் கடனைக் கழித்தால் வருவது. கோவையில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தம்பதியைக் கற்பனை செய்து போட்டுப் பார்ப்போம்.

1. தேதியை எழுதுங்கள்

மார்ச் 31 என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாத் தொகையும் அந்த ஒரே நாளுக்கானதாக இருக்க வேண்டும். தாளில் மூன்று பத்தி போதும்: பொருள், யார் பெயரில், தொகை.

2. சொத்து: இன்று விற்றால் கைக்கு என்ன வரும்?

வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். ஸ்கூட்டருக்கு இன்று என்ன விலை கேட்பார்களோ அதுதான் மதிப்பு. எல்.ஐ.சி. பாலிசிக்கு முதிர்வுத் தொகையைப் போடக் கூடாது. இன்று சரண்டர் செய்தால் கிடைப்பதைக் கேட்டு எழுதுங்கள். பி.எஃப். பாஸ்புக்கில் உங்கள் பங்கு, நிறுவனத்தின் பங்கு இரண்டையும் கூட்டுங்கள். பென்ஷன் என்று தனியாக இருக்கும் பத்தியைச் சேர்க்க வேண்டாம்.

அதிகம் தவறுவது நகையில். இவர்களிடம் 15 பவுன் இருக்கிறது, அதாவது 120 கிராம். கல், அரக்கு போன்றவற்றுக்கு 5 கிராம் கழித்தால் 115. கடைக்காரர் பழைய நகையை எடுக்கும் விலை கிராமுக்கு 10,000 ரூபாய் என்று வைத்தால் 11,50,000. வாங்கும்போது கொடுத்த செய்கூலி, சேதாரம், ஜி.எஸ்.டி. எதுவும் திரும்பி வராது. அடகில் இருக்கும் நகையும் சொத்துப் பக்கம்தான் வரும்; அதன் கடன் மறுபக்கம் வரும். ‘யார் பெயரில்’ என்ற பத்தியில் நகைக்கு மனைவி பெயரை எழுதுங்கள். சீதன நகை சட்டப்படி அவருடையது.

3. கடன்: இன்றே முடித்தால் எவ்வளவு?

கல்யாணத்துக்கு வாங்கிய தனிநபர் கடனில் மாதம் 13,600 வீதம் இன்னும் 36 தவணை. பெருக்கினால் 4,89,600 வரும். அது கடன் அல்ல, வரப்போகும் மூன்று வருட வட்டியும் அதில் இருக்கிறது. வங்கி ஆப்பில் அசல் பாக்கியைப் பாருங்கள், இவர்களுக்கு 4,10,000.

நகைக்கடனில் இதற்கு நேர்மாறு. வருடக் கடைசியில் வட்டியோடு மொத்தமாகக் கட்டும் கடன் என்றால், வாங்கிய 3,00,000 மட்டும் கண்ணில் படும். இதுவரை ஏறிய வட்டி 18,000 சேர்த்து 3,18,000.

அப்புறம் சீட்டு. 2 லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 மாதம், மாதம் 10,000. எட்டாவது மாதமே எடுத்தாயிற்று. இன்னும் சீட்டுக் கட்டுவதால் அதைச் சேமிப்பு என்றே நினைப்பார்கள். எடுத்த சீட்டு கடன். மீதி 12 தவணை, 1,20,000. எடுக்காத சீட்டாக இருந்தால்தான் கட்டிய பணம் சொத்து.

கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையைப் பார்க்காதீர்கள். மொத்தப் பாக்கியோடு, போனுக்காகத் தவணையாக மாற்றிய மீதி அசலையும் சேருங்கள். சொந்தத்தில் வாங்கிய கைமாற்றுக்கு வட்டி இல்லை என்றாலும் அதுவும் கடன்தான்.

4. கூட்டிக் கழியுங்கள்

| சொத்து | ரூபாய் | கடன் | ரூபாய் |
|---|---|---|---|
| வங்கி இருப்பு | 90,000 | தனிநபர் கடன் | 4,10,000 |
| வீட்டு அட்வான்ஸ் (பெயின்ட் செலவு போக) | 85,000 | நகைக்கடன் | 3,18,000 |
| பி.எஃப். (இருவரும்) | 3,40,000 | எடுத்த சீட்டு | 1,20,000 |
| நகை | 11,50,000 | கைமாற்று | 1,00,000 |
| ஸ்கூட்டர் | 55,000 | கிரெடிட் கார்டு | 62,000 |
| பாலிசி சரண்டர் | 40,000 | | |
| மொத்தம் | 17,60,000 | மொத்தம் | 10,10,000 |

நிகர மதிப்பு 7,50,000 ரூபாய்.

5. நகையை எடுத்துவிட்டு இன்னொரு முறை

இந்த வரியை நான் எப்போதும் போடச் சொல்வேன். நகை இல்லாமல் சொத்து 6,10,000, கடன் 10,10,000. அதாவது மைனஸ் 4,00,000. நகையை விற்கும் எண்ணம் இல்லாத வீட்டுக்கு இதுதான் உண்மை நிலை. வேலை போனால் உடனே எடுக்க முடிவது வங்கியில் இருக்கும் 90,000 மட்டுமே. பி.எஃப்., அட்வான்ஸ் எல்லாம் நினைத்த நாளில் கைக்கு வராது. இந்த நிலையில் புதுத் தவணையில் கார் எடுக்கலாமா என்பதை இருவரும் இந்தத் தாளை வைத்துக்கொண்டே பேசலாம்.

அடுத்த மார்ச் 31-க்கும் இதே முறையில் போடுங்கள். நகை வரிசையில் ரூபாயோடு 115 கிராம் என்றும் குறித்து வையுங்கள். கிராம் விலை 11,000 ஆகியிருந்தால், ஒரு ரூபாய் சேமிக்காமலே நிகர மதிப்பு 1,15,000 கூடியிருக்கும். பழைய 10,000 விலையிலும் ஒரு முறை கணக்கிட்டால், நீங்கள் சேர்த்ததும் அடைத்ததும் எவ்வளவு என்று தனியாகத் தெரியும்.