ஸ்டாண்ட்-அப் இழுபடுகிறதா? போர்டின் கடைசி நெடுவரிசையிலிருந்து தொடங்குங்கள்

திருகோணமலையில் ஒருவர், கிண்ணியாவில் ஒருவர், கொழும்பில் இருவர் என்று பிரிந்திருந்து வேலை செய்யும் குழுவுக்குக் காலை ஸ்டாண்ட்-அப் கூட்டம் 15 நிமிடம்தான். மேலாளருக்குக் கணக்கு ஒப்புவிக்கும் இடமல்ல அது. இன்றைய வேலையை எப்படி நகர்த்துவது என்று குழுவே பேசி முடிவெடுக்கும் நேரம். நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்று ஆள் ஆளாய்க் கேட்டால், மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு மெயில் பார்ப்பார்கள். குழுவாய் வேலை செய்வதற்கான ஸ்க்ரம் முறையின் வழிகாட்டியே 2020 பதிப்பில் அந்த மூன்று கேள்விகளை எடுத்துவிட்டது.

பதிலுக்கு, டாஸ்க் போர்டைத் திரையில் பகிர்ந்து, முடியும் தறுவாயில் உள்ள கார்டிலிருந்து பின்னோக்கி வாருங்கள். பேமென்ட் பக்கம் ரிவ்யூவில் இரண்டு நாளாய் நிற்கிறதா? "யார் பார்ப்பது?" "நான், 11 மணிக்குள்." சரி, அடுத்தது. பிழை ஏன் வந்தது என்று இருவர் தோண்டத் தொடங்கினால் அதைச் சாட்டில் குறித்துவிடுங்கள். ஸ்டாண்ட்-அப் முடிந்ததும் அந்த இருவர் மட்டும் இருந்து பேசட்டும். பெரும்பாலும் நேரம் போவது இப்படித் தோண்டுவதில்தான்.

கிண்ணியாக்காரருக்கு லைன் விட்டுவிட்டு வந்தால், கார்டிலேயே ஒரு வரி எழுதட்டும். எல்லாரும் உங்களுக்கே பதில் சொல்கிறார்கள் என்றால், நாளை போர்டை வேறொருவர் நடத்தட்டும்.