‘நோய்’ கண்ணில் படாத ஸ்கிரிப்ட்: லிஸ்டிங் சரிபார்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆன்லைனில் சத்துமாவு, மூலிகைச் சோப்பு, கருப்பு கவுனி கஞ்சி மாவு விற்பவர்களின் லிஸ்டிங், அதாவது விற்பனைப் பக்கம், வெளியாகும் முன் அதில் ‘நோய் தீரும்’ போன்ற போடக் கூடாத வாசகம் இருக்கிறதா என்று சரிபார்க்கும் ஸ்கிரிப்டுகளைப் பல வருடங்களாக எழுதியும் திருத்தியும் வருகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் எழுதித் தரும் முதல் ஸ்கிரிப்டைப் பார்த்தால், நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள் வரிசை மாறாமல் வந்து நிற்கின்றன. எழுத்துப்பிழை, பெரிய எழுத்து சின்ன எழுத்துக் குழப்பம் போன்றவற்றை யாரும் இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். ஸ்கிரிப்ட் ஓடும், பச்சை காட்டும், ஆனால் எதையும் பிடித்திருக்காது. அந்த வகைத் தவறுகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

தமிழ்ச் சொல்லுக்கு `\b` போடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரவைக்கும் தவறு இதுதான். ஆங்கிலத்தில் `cure` என்ற சொல்லைத் தேடும்போது `secure` மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக இரண்டு பக்கமும் `\b` போடுவோம். அது சரி. அதே பழக்கத்தில் தடை செய்ய வேண்டிய தமிழ்ச் சொற்களின் பட்டியலையும் அதே லூப்பில் ஓட்டிவிடுகிறார்கள். பைத்தானில் இதை ஓட்டிப் பாருங்கள்:

```python
import re
re.search(r"\bcure\b", "diabetes cure")           # கிடைக்கும்
re.search(r"\bநோய்\b", "சர்க்கரை நோய் தீரும்")    # None
re.findall(r"\w+", "நோய்")                        # ['ந', 'ய']
```

மூன்றாவது வரியில் காரணம் இருக்கிறது. பைத்தானோடு வரும் `re`, தமிழ் உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை. ‘ந’வும் ‘ய’வும் அதற்கு எழுத்து, ஓகாரக் குறியும் புள்ளியும் காற்புள்ளி போல ஏதோ ஒரு குறி. `\b` என்பது எழுத்துக்கும் எழுத்தல்லாததற்கும் நடுவில் உள்ள எல்லை. ‘நோய்’ புள்ளியில் முடிகிறது, அடுத்து இடைவெளி வருகிறது. இரண்டுமே அதன் கணக்கில் எழுத்தல்ல என்பதால் அங்கே எல்லையே கிடையாது. ‘மருந்து’, ‘நீரிழிவு’, ‘சர்க்கரை’ எல்லாவற்றுக்கும் இதே கதிதான். தமிழ்ச் சொற்களில் பெரும்பகுதி குறியிலோ புள்ளியிலோதான் முடிகிறது. ஆக, தடைப்பட்டியலின் தமிழ்ப் பகுதி ஏறக்குறைய முழுவதும் செத்துக் கிடக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. ‘மூல நோய்’ வாசகத்தைப் பிடிக்க `\bமூல\b` என்று எழுதினார் ஒரு தம்பி. ‘மூலிகை’யில் ‘ல’வுக்கும் இகரக் குறிக்கும் நடுவே அதற்கு எல்லை தெரிகிறது. மூலிகைச் சோப்பு, மூலிகை எண்ணெய் அத்தனையும் மாட்டின. ‘நோய் தீரும்’ என்று போட்ட பொடி மட்டும் பச்சை வாங்கிக்கொண்டு போனது. அவர் மூலிகையை விதிவிலக்கில் சேர்த்தார், சிவப்பு நின்றது, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட்டார். அடையாளம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: ஆங்கில வாசகத்தில் தினமும் ஏதாவது மாட்டும், தமிழில் வாரக்கணக்கில் ஒன்றுமே மாட்டாது. விற்பனையாளர்கள் தமிழில் அடக்கமாக எழுதுகிறார்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

இதற்கு விலையும் இருக்கிறது. தவறாக வழிநடத்தும் உணவு விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006, பிரிவு 53-இன்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். உணவை நோய் தீர்க்கும் பொருளாகக் காட்டுவதை 2018-ஆம் ஆண்டின் விளம்பர, உரிமைகோரல் ஒழுங்குமுறையும் தடுக்கிறது. மருந்து என்று சொல்லி விற்றால் 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் குறுக்கே வரும். அதன் அட்டவணையில் நீரிழிவும் புற்றுநோயும் பெயர் சொல்லியே இருக்கின்றன.

`\b`-ஐ எடுத்துவிட்டால் மட்டும் போதாது. தமிழ்ச் சொல் வேற்றுமை உருபு ஏறும்போது உருமாறும். ‘நோய்’ என்று பட்டியலில் வைத்தால் ‘நோயை’ மாட்டாது, ஏனென்றால் அங்கே புள்ளி போய்விட்டது. ‘நீரிழிவு’ என்று வைத்தால் ‘நீரிழிவை விரட்டும்’ தப்பிவிடும், அங்கே உகரம் போய்விட்டது. அதனால் பட்டியலில் முழுச் சொல்லை வைக்காமல், கடைசிக் குறியை வெட்டிய வேரை வைக்க வேண்டும். ‘நோய’ என்று வைத்தால் நோய், நோயை, நோய்க்கு, நோயாளி எல்லாம் வரும். ‘நீரிழிவ’, ‘மருந்த’ என்பனவும் அப்படியே. ஆனால் ‘குண’ என்று அதிகம் வெட்டிவிடக் கூடாது, ‘நற்குணம்’ வரை மாட்டும். அங்கே ‘குணப்படுத்த’, ‘குணமா’, ‘குணமடை’ என்று தனித்தனியாக வையுங்கள்.

```python
import re, unicodedata

def clean(s):
    s = unicodedata.normalize("NFC", s)
    s = re.sub("[\u200b\u200c\u200d]", "", s)
    return re.sub(r"\s+", " ", s).lower()

stems = ["நோய", "நீரிழிவ", "குணப்படுத்த", "குணமா", "குணமடை"]
pat = re.compile("|".join(clean(x) for x in stems))
```

`clean` எதற்கு என்றால், ‘கொழுப்பு’ என்பதில் உள்ள ஒகரத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், ஒப்பிடும்போது வேறு வேறு. `NFC` இரண்டையும் ஒன்றாக்கும். கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளை அது நீக்காது, அதனால் அந்த இரண்டாவது வரி. லிஸ்டிங்கை மட்டும் சுத்தம் செய்துவிட்டுப் பட்டியலை அப்படியே விடுவதும் அடிக்கடி நடக்கிறது. இரண்டும் ஒரே `clean` வழியாகத்தான் போக வேண்டும்.

இடது பக்க எல்லை வேண்டுமென்றால் `(?<![\u0B80-\u0BFF])` என்று நீங்களே எழுதுங்கள். எல்லாச் சொல்லுக்கும் அதைப் போடாதீர்கள். ‘சர்க்கரைநோய்’ என்று சேர்த்து எழுதுபவர்கள் நிறையப் பேர் உண்டு, போட்டால் அது தப்பிவிடும்.

இவ்வளவையும் காப்பது ஒரு சின்னச் சோதனைக் கோப்பு. தடை செய்ய வேண்டிய வாசகங்களை உருபு ஏற்றி, சேர்த்தும் பிரித்தும் அதில் எழுதி வையுங்கள். ஸ்கிரிப்ட் தொடங்கும்போதே அவற்றை ஓட்டிப் பார்க்கட்டும். ஒன்று தப்பினாலும் அன்றைக்கு ஒரு லிஸ்டிங்கும் வெளியாகக் கூடாது.

உரிமைகோரலைத் தடைச்சொல்லாக நடத்துவது

‘சர்க்கரை இல்லாதது’ என்பது தடை செய்யப்பட்ட வாசகம் அல்ல, பொருளின் தன்மையைப் பற்றி விற்பவர் சொல்லும் உரிமைகோரல். 100 கிராமில் 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லையென்றால் தாராளமாகப் போடலாம் என்கிறது அதே 2018 ஒழுங்குமுறை. அதைத் தடைப்பட்டியலில் தூக்கிப் போட்டால் நேர்மையான விற்பனையாளரும் மாட்டுவார். சரிபார்க்கும் ஆட்களும் சிவப்பைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, படிக்காமலே ஒப்புதல் கொடுக்கத் தொடங்குவார்கள். இங்கே ஸ்கிரிப்ட் சொல்லைக் கண்டதும் ஊட்டச்சத்து அட்டவணையைத் திறந்து எண்ணைப் பார்க்க வேண்டும்.

அங்கேதான் அடுத்த குழி. ஒரு கஞ்சி மாவு லிஸ்டிங்கை எடுத்துக்கொள்வோம். சர்க்கரைக் கட்டத்தில் 0.4 என்று இருக்கிறது. ஸ்கிரிப்ட் 0.4-ஐ 0.5-உடன் ஒப்பிட்டுப் பச்சை காட்டும். ஆனால் விற்பனையாளர் கொடுத்தது 30 கிராம் பரிமாறும் அளவுக்கான எண். 100 கிராமுக்குக் கணக்கிட்டால் 1.33 கிராம். வாசகம் நிற்காது. இதைவிட மோசமானது `float(row.get("sugar") or 0) <= 0.5` என்ற வரி. கட்டம் காலியாக இருந்தால் அது பூஜ்யமாகி, ஆய்வகம் பக்கமே போகாத மாவு முதல் ஆளாகத் தேறிவிடும். மதிப்பு இல்லையென்றால் விடை ‘சான்று இல்லை’ என்று வர வேண்டும்.

‘சர்க்கரை சேர்க்காதது’ என்பது வேறு வாசகம். அதற்கு எண் பயன்படாது, பொருட்பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். ராகி, கம்பு, முந்திரி, கருப்பட்டி என்று எழுதிவிட்டு மேலே ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று போடுகிறார்கள். கருப்பட்டி நல்லதுதானே என்று உண்மையாகவே நம்பித்தான் போடுகிறார்கள், ஏமாற்றும் எண்ணம் பலருக்குக் கிடையாது. விதி பார்ப்பது எந்த வகைச் சர்க்கரையும் சேர்க்கப்படவில்லையா என்பதை. கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் இவற்றில் எது பொருட்பட்டியலில் இருந்தாலும் இந்த வாசகம் நிறுத்தப்பட வேண்டும். ‘வெள்ளைச் சர்க்கரை சேர்க்காதது’ என்று எழுதியிருந்தால் அதை ஆளிடம் அனுப்புங்கள். அது உண்மையாக இருக்கலாம், படிப்பவருக்குத் தவறான எண்ணத்தையும் தரலாம். ஸ்கிரிப்ட் அதை முடிவு செய்ய முடியாது.

‘நோய் எதிர்ப்பு சக்தி’யும் ‘நோய’ என்ற வேரில் மாட்டும். ‘நீரிழிவு நோயாளிகள் மருத்துவரைக் கேட்டு உண்ணவும்’ என்ற எச்சரிக்கை வரியும் மாட்டும். எனவே விடை இரண்டு வகையாக இருந்தால் போதாது. ‘நிறுத்து’, ‘சான்று கேள்’, ‘ஆள் பார்க்கட்டும்’, ‘விடு’ என்று நான்கு வேண்டும். முதலாவது வகை ‘குணப்படுத்த’ போன்ற வினை, நோய்ப் பெயருக்குப் பக்கத்தில் அதே வரியில் வந்தால். இரண்டாவது எதிர்ப்பு சக்தி மாதிரியானவை. எச்சரிக்கை வரியை அடையாளம் கண்டு தானாக விட்டுவிடும் முயற்சி வேண்டாம். ‘இல்லை’ என்று வரும் வரியை எச்சரிக்கையாக எண்ணி விட்டுவிட்டால், ‘இனி நீரிழிவு இல்லை’ என்ற விளம்பரமும் அதே வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

தானாகத் திருத்துவது

வேண்டாம். ‘குணப்படுத்தும்’ என்பதை ‘உதவும்’ என்று மாற்றினால் சான்று பிறந்துவிடாது.

`except: pass`

சரிபார்ப்பு உடைந்தால் லிஸ்டிங் நிற்க வேண்டும், போகக் கூடாது.

படத்தில் இருப்பதை மறப்பது

தலைப்பில் போட முடியாததைத்தான் படத்தில் பெரிய எழுத்தில் போடுவார்கள். எழுத்துணரி கொண்டு படித்து, அந்த வாசகத்தையும் அதே `clean` வழியாக அனுப்புங்கள். அலங்காரத் தமிழ் எழுத்துருக்களில் எழுத்துணரி திணறும். ஒன்றுமே படிக்க முடியாத படம் வந்தால் அதுவே ஆளிடம் போக வேண்டிய காரணம்.

ஒருமுறை தேறியதை அப்படியே விடுவது

திங்கட்கிழமை சுத்தமான வாசகத்தோடு தேறிய லிஸ்டிங்கில் புதன்கிழமை ‘நீரிழிவை விரட்டும்’ என்று ஒரு வரி சேரும். வாசகம், பொருட்பட்டியல், படம் மூன்றின் `sha256` மதிப்பையும் தேறிய நேரத்தில் சேமித்து வையுங்கள். மாறியிருந்தால் பழைய ஒப்புதல் செல்லாது. தடைப்பட்டியலில் ஒரு வேரைச் சேர்த்தாலும் வெளியாகி நிற்கும் எல்லா லிஸ்டிங்கையும் அன்றிரவே மறுபடி ஓட்ட வேண்டும். அதற்காகப் பட்டியலுக்கும் ஒரு பதிப்பு எண் கொடுத்து, எந்தப் பதிப்பில் தேறியது என்பதை ஒவ்வொரு லிஸ்டிங்கின் பக்கத்திலும் எழுதி வையுங்கள்.