வீரோ செல்களை டிரிப்சின் போட்டுப் பிரிப்பது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

தஞ்சாவூர், திருச்சி பக்கத்துக் கல்லூரிகளில் செல் வளர்ப்புக்குப் புதிதாக வரும் மாணவர்கள் முதலில் கேட்பது, "டிரிப்சினை எத்தனை நிமிஷம் வைக்கணும்?" என்பதுதான். பிளாஸ்க்கின் அடியில் ஒட்டியிருக்கும் செல்களை விடுவிக்கும் நொதிதான் டிரிப்சின். செய்முறைத் தாளில் இரண்டு முதல் ஐந்து நிமிடம் என்று இருக்கும். ஆனால் ஏசி ஓடும் அறையில் மேசைமேல் மெதுவாக வேலை செய்யும் அதே டிரிப்சின், சித்திரை மாதத்தில் கரண்ட் போய் அறை கொதிக்கும்போது சட்டென்று வேலையை முடித்துவிடும். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் மைக்ரோஸ்கோப்பில் என்ன தெரிய வேண்டும் என்பதைச் சொல்லிக்கொண்டே போகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு வீரோ செல்லை வைத்துக்கொள்வோம். ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962-இல் ஜப்பானில் உருவாக்கிய செல்வரிசை இது. அடியில் ஒட்டி வளரும், பழகுவதற்கு எளியது. ஒரு டி-25 பிளாஸ்க், 5 மில்லி மீடியம் (10 சதவீதம் சீரம் சேர்த்த டிஎம்இஎம்), வெள்ளிக்கிழமை காலை. திங்கட்கிழமை மறுபடி பிரிக்கத் தயாராக இருக்க வேண்டும்.

பிரிக்கும் நேரம் வந்துவிட்டதா?

கன்ஃபுளுயென்ஸ் என்றால் பிளாஸ்க்கின் அடிப்பரப்பில் எத்தனை சதவீதத்தைச் செல்கள் மூடியிருக்கின்றன என்ற கணக்கு. இதைக் கண்ணால் மதிப்பிடும்போது புதியவர்கள் பெரும்பாலும் கூடுதலாகவே சொல்வார்கள். பார்வை செல்கள் மேல் போய் நின்றுவிடுவதுதான் காரணம். செல்லைப் பார்க்காமல் இடைவெளியைப் பாருங்கள். வெற்றிடமும் செல்லும் சமமாகத் தெரிந்தால் 50 சதவீதம். திட்டுத் திட்டாக இருந்தவை ஒன்றோடொன்று சேர்ந்து, நடுநடுவே சின்னச் சின்ன வெற்றிடங்கள் மட்டும் மிஞ்சியிருந்தால் ஏறக்குறைய 80. வெற்றிடமே இல்லாமல், செல்கள் சிறுத்து, கல் பதித்த தரைபோல நெருங்கிவிட்டால் 100.

ஒரே இடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிளாஸ்க்கை வட்டமாகச் சுழற்றி வைத்திருந்தால் நடுவில் செல் குவிந்திருக்கும், ஓரம் வெறிச்சோடிக் கிடக்கும். நடுவிலும் நான்கு ஓரங்களிலும் பார்த்துச் சராசரி எடுங்கள். பளபளவென்று உருண்ட செல்கள், அதிலும் இரண்டிரண்டாக, அங்கங்கே தெரிந்தால் அவை பிரிந்து பெருகிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். வீரோவைப் பிரிக்க 80, 85 சதவீதம் நல்ல சமயம். முழுக்க மூடி இரண்டு நாள் விட்டுவிட்டால் பெருக்கம் குறையும். அப்புறம் டிரிப்சின் போட்டாலும் தனித்தனியாக வராமல் தோல் உரிவதுபோலத் தாள் தாளாக வரும்.

கழுவுவதை அவசரமாகச் செய்யாதீர்கள்

பழைய மீடியத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, கால்சியமும் மக்னீசியமும் இல்லாத பிபிஎஸ் என்ற உப்புக்கரைசல் 3 மில்லியை, செல் இல்லாத பக்கச் சுவரில் படும்படி மெதுவாக ஊற்றுங்கள். லேசாகச் சாய்த்து அலசி, எடுத்துவிடுங்கள். இன்னொரு முறையும் செய்யுங்கள்.

மீடியத்தில் உள்ள சீரத்தில் டிரிப்சினை முடக்கும் புரதங்கள் உண்டு. கொஞ்சம் சீரம் மிஞ்சினாலும் டிரிப்சின் பாதி வலுவை அங்கேயே இழந்துவிடும். கால்சியம் வேறு, செல்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ள உதவுகிறது. டிரிப்சினோடு ஈடிடிஏ கலந்து விற்பது அந்தக் கால்சியத்தைக் கவ்வி எடுக்கத்தான். "டிரிப்சின் வேலை செய்யவில்லை" என்று வருகிறவர்களிடம் முதலில் நான் கேட்பது, எத்தனை முறை கழுவினீர்கள் என்றுதான்.

டிரிப்சின்

0.25 சதவீத டிரிப்சின்-ஈடிடிஏ 1 மில்லி போதும். அடிப்பரப்பு முழுக்க நனைகிற மாதிரி சாய்த்துவிட்டு, 37 டிகிரி இன்குபேட்டரில் வையுங்கள். டிரிப்சின் பாட்டிலை மட்டும் 37 டிகிரி தண்ணீரில் காலை முழுவதும் போட்டு வைக்காதீர்கள். டிரிப்சின் புரதத்தை வெட்டும் நொதி; தானும் ஒரு புரதம் என்பதால் தன்னையே வெட்டிக்கொண்டு வீரியம் இழக்கும். வேண்டிய அளவை மட்டும் சின்னக் குழாய்களில் பிரித்து உறைய வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். முதலில் செல்களின் ஓரம் சுருங்கி, இடைவெளி அகலமாகும். பிறகு செல்கள் உருண்டு ஒளிர ஆரம்பிக்கும், ஆனால் இன்னும் இடத்திலேயே இருக்கும். இந்தக் கட்டத்தில் பிளாஸ்க்கின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரே ஒரு மெல்லிய தட்டு. செல்கள் நழுவி ஓடினால் சரி, முடிந்தது. ஓடவில்லை என்றால் இன்னும் ஒரு நிமிடம் வைத்து மறுபடி பாருங்கள்.

பலர் இங்கேதான் பொறுமை இழந்து பிளாஸ்க்கை ஓங்கித் தட்டுகிறார்கள். அப்படித் தட்டினால் அரைகுறையாக விடுபட்ட செல்கள் கட்டி கட்டியாக வரும், அந்தக் கட்டிகள் பிறகு பிரியாது. நேரம் மிஞ்சினாலும் கெடுதல்தான். டிரிப்சின் செல்லின் மேற்பரப்புப் புரதங்களையும் வெட்டத் தொடங்கும். செல்கள் உடைந்து உள்ளிருக்கும் டிஎன்ஏ வெளியே வரும். திரவத்தில் சளிபோல இழை இழுத்தால் காரணம் அதுதான். பத்து நிமிடம் ஆகியும் பெரும்பகுதி ஒட்டியே இருந்தால் அதற்குமேல் காத்திருக்காதீர்கள். கழுவியது போதவில்லை, டிரிப்சின் பழையது, செல் அதிகமாக முற்றிவிட்டது: இந்த மூன்றில் ஏதோ ஒன்று.

நிறுத்துவதற்கு சீரம் உள்ள மீடியம் 4 மில்லி சேர்த்தால் போதும். அதே மீடியத்தை அடிப்பரப்பில் நாலைந்து முறை வழியவிட்டு மிச்சச் செல்களையும் சேர்த்து எடுத்து, 5 மில்லி பைப்பெட்டால் நுரை வராமல் ஏற்றி இறக்குங்கள். சீரம் இல்லாத மீடியத்தில் வளர்ப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் சோயா டிரிப்சின் தடுப்பான் போட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

எண்ணிப் பார்த்துப் பிரிப்பது

இப்போது 5 மில்லி செல் கலவை கையில் இருக்கிறது. அதில் 20 மைக்ரோலிட்டரும் டிரைபான் புளூ 20 மைக்ரோலிட்டரும் கலந்து, செல் எண்ணுவதற்கான கட்டம் போட்ட கண்ணாடியான ஹீமோசைட்டோமீட்டரில் விடுங்கள். நீலம் ஏறியவை செத்தவை. நான்கு மூலைச் சதுரங்களில் உயிரோடு 96, செத்தது 4 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுரத்துக்குச் சராசரி 24. சாயம் பாதிக்குப் பாதி என்பதால் 2-ஆல் பெருக்கி, அப்புறம் 10,000-ஆல் பெருக்கினால் ஒரு மில்லிக்கு 4.8 லட்சம். 5 மில்லியில் 24 லட்சம். உயிருள்ளவை 96 சதவீதம். 90-க்குக் கீழே போனால் டிரிப்சின் நேரத்தைச் சந்தேகப்படுங்கள்.

எத்தனையாகப் பிரிப்பது? வீரோ ஏறக்குறைய ஒரு நாளில் இரட்டிப்பாகும். வெள்ளி முதல் திங்கள் வரை மூன்று நாள், ஆகவே எட்டில் ஒரு பங்கு போட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் நட்ட நாற்று பச்சை பிடிக்கச் சில நாள் ஆவதுபோல, பிரித்த செல்களுக்கும் ஒட்டிக்கொண்டு பெருகத் தொடங்க ஏறக்குறைய ஒரு நாள் போய்விடும். மிஞ்சுவது இரண்டு இரட்டிப்பு. எனவே நான்கில் ஒரு பங்கு, அதாவது 6 லட்சம் செல். கலவையில் 1.25 மில்லி எடுத்து, 3.75 மில்லி புது மீடியத்தோடு புது டி-25-இல் விடுங்கள். இரண்டு இரட்டிப்பில் திங்கட்கிழமை மறுபடி 24 லட்சம்.

பிளாஸ்க்கில் செல் பெயர், தேதி, பாஸேஜ் எண் மூன்றையும் எழுதுங்கள். பாஸேஜ் எண் என்பது இதுவரை எத்தனை முறை பிரித்திருக்கிறோம் என்ற கணக்கு; முன்பு 19 என்றால் இப்போது 20. இன்குபேட்டர் தட்டில் வைத்ததும் முன்னும் பின்னும், பிறகு இடமும் வலமும் மெதுவாக நகர்த்திச் செல்களைப் பரப்புங்கள். சுழற்ற வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டாவில் எல்லாமே ஈரம் பிடிக்கும், பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அந்த மாதங்களில் பிளாஸ்க்கின் வெளிப்புறத்தையும் கழுத்தையும் 70 சதவீத ஆல்கஹாலால் துடைக்காமல் ஹூடுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

மறுநாள் காலை பாருங்கள். பெரும்பாலான செல்கள் தட்டையாகப் படிந்திருக்க வேண்டும். மிதப்பவை சொற்பமாக இருந்தால் மீடியத்தை மாற்றினால் போதும். பாதிக்குமேல் உருண்டையாகவே மிதந்தால் டிரிப்சின் நேரம் மிஞ்சியிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மீடியம் ஒரே இரவில் மஞ்சளாகிக் கலங்கியிருந்தால் அது பாக்டீரியா. பிளாஸ்க்கில் ஹைப்போகுளோரைட் ஊற்றி மூடி, அப்புறப்படுத்துங்கள்.