"சின்ன பெட்ரூம்தாங்க, எத்தனை பாக்ஸ் வேணும்?" – டைல்ஸ் கணக்குல நடக்குற தப்புகள்

டைல்ஸ் கடையில வேலை பாக்குறேன், வாரத்துல நாலு பேராவது போன் பண்ணி இதே கேள்விய கேக்குறாங்க. ரூம் அளவு சொல்ல மாட்டாங்க, டைல்ஸ் சைஸ் சொல்ல மாட்டாங்க, நாமளா துருவித் துருவி கேட்டா "பத்துக்குப் பன்னெண்டு இருக்கும்"னு வரும். அந்த "இருக்கும்"லதான் முதல் தப்பே. அது பெரும்பாலும் பிளான்ல பாத்த அளவு, இல்லன்னா கட்டும்போது யாரோ வாய்ல சொன்னது. பூச்சு ஏறினப்புறம் ரூம் ஒரு இஞ்ச் சுருங்கியிருக்கும், அது போக சுவர் கோணலா இருந்தா ஒரு முனையில 10 அடி, அடுத்த முனையில 10 அடி 2 இஞ்ச்னு நிக்கும். தரையோட ஒட்டி டேப்ப வச்சு ஒவ்வொரு பக்கமும் ரெண்டு மூணு இடத்துல அளந்து, அதுல பெரிய அளவ எழுதிக்கோங்க.

அடுத்தது, இதத்தான் ரொம்ப பேர் யோசிக்கிறதே இல்ல: ரெண்டுக்கு ரெண்டுன்னு நாம சொல்ற டைல்ஸ் நிஜத்துல 2 அடி கிடையாது. 600 மில்லிமீட்டர், அதாவது 60 செ.மீ. 2 அடின்னா 61 செ.மீ. ஒரு செ.மீ. தானேன்னு தோணும். பாக்ஸுக்கு 4 பீஸ் போட்டா 16 சதுர அடின்னு மனசுல கணக்கு போடுவீங்க, பாக்ஸ் மேல பாத்தா 1.44 சதுர மீட்டர்னு போட்டிருக்கும், அது பதினஞ்சரை சதுர அடிதான்.

இப்ப அளந்து பாத்து ரூம் கரெக்டா 10க்கு 12 தான்னே வச்சுக்குவோம். வீட்டுக்காரர் கணக்கு: 120 சதுர அடி, 16ஆல வகுத்தா ஏழரை, சரி 8 பாக்ஸ், 32 பீஸ். கொஞ்சம் விவரமானவரா இருந்தா வேஸ்டேஜ் 10% சேத்து 9 பாக்ஸ்ம்பாரு.

தரையில போட்டுப் பாருங்க. 12 அடிங்கிறது 366 செ.மீ., 6 டைல்ஸ் வச்சா 360, நடுவுல ஸ்பேசர் இடைவெளி போக கடைசியில 5 செ.மீ. கிட்ட சும்மா கிடக்கும். 10 அடிப் பக்கமும் இதே கதை, 5 டைல்ஸ் போக 4 செ.மீ. மிச்சம். அப்ப 30 முழு டைல்ஸும் போட்டு முடிச்சப்புறம் ரெண்டு சுவர் ஓரத்துலயும் ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வேணும், மொத்தம் 12 துண்டு. ஒரே டைல்ஸ சீவிச் சீவி எல்லாத்தையும் எடுத்துடலாம்னு நினைப்பீங்க, முடியாது. வெட்டின ஓரம் சுவர் பக்கம் போகணும், கம்பெனி ஓரம்தான் பக்கத்து டைல்ஸோட சேரணும், அதனால ஒரு டைல்ஸ்ல நல்ல துண்டு ரெண்டுதான் கிடைக்கும். ஆக இன்னும் 6 டைல்ஸ், மொத்தம் 36. 9 பாக்ஸ் சரியா போச்சு, ஆனா கையில ஒரு பீஸ் மிச்சம் இல்ல, இவ்ளோ ஒல்லியா வெட்டும்போது ஒண்ணு ரெண்டு உடையாம இருக்கவே இருக்காது.

அது போக அந்தப் பட்டை பாக்க அசிங்கமா இருக்கும். அதனால நல்ல டைல்ஸ்காரர் நடுவுலேர்ந்து ஆரம்பிச்சு, எதிரெதிர் சுவர் ரெண்டு பக்கமும் ஒரே அகலத்துல, 32 செ.மீ. துண்டு வர்ற மாதிரி பிரிப்பாரு. அழகா இருக்கும், ஆனா ஒவ்வொரு ஓரத் துண்டும் ஒரு முழு டைல்ஸ தின்னும், ஏன்னா மிச்சம் வர்ற 28 செ.மீ. இன்னொரு ஓரத்துக்குப் பத்தாது. வரிசைக்கு 6, மொத்தம் 7 வரிசை, 42 பீஸ். உடையறதுக்கு ரெண்டு சேத்தா 11 பாக்ஸ். 8 எங்க, 11 எங்க! இதுல ஒரு நல்லது, அந்த மிச்சத் துண்டு ஒவ்வொண்ணுலயும் சுவர் அடியில ஒட்டுற 4 இஞ்ச் ஸ்கர்ட்டிங் ரெண்டு வரும், கதவு போக சுத்தி வேண்டியது 21 தான், அதுக்குன்னு தனியா டைல்ஸ் வாங்க வேண்டாம்.

அதனால 5%, 10% கணக்கெல்லாம் பெரிய ஹாலுக்கு ஓகே, அங்க ஓரத் துண்டு மொத்தத்துல கொஞ்சம்தான். சின்ன ரூமுக்கு சதுர அடிய விடுங்க, பேப்பர்ல கட்டம் போட்டு பீஸ் எண்ணுங்க. அளவே தெரியாம ஒரு நம்பர் சொல்லச் சொன்னா நான் சொல்லுவேன், பட்ஜெட்டுக்கு வச்சுக்கலாம், ஆர்டர் மட்டும் போட்றாதீங்க.

"பத்தலன்னா அப்புறம் வாங்கிக்கலாம்"கிறதும் தப்புதான். அதே மாடல் கிடைக்கும், அதே லாட் கிடைக்காது. லாட் மாறினா ஷேடு லேசா மாறும், கடையில ரெண்டையும் கையில வச்சுப் பாத்தா தெரியாது, தரையில ஒட்டினப்புறம் ஜன்னல் வெளிச்சத்துல பளிச்னு தெரியும். பாக்ஸ் மேல ஷேடு நம்பர், பேட்ச் நம்பர் போட்டிருக்கும், இறக்கும்போதே எல்லா பாக்ஸ்லயும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. ஒரு பாக்ஸ் கூடுதலா வாங்குறதா இருந்தா, பிரிக்காத பாக்ஸ திருப்பி எடுப்பாங்களா, எத்தனை நாளுக்குள்ளன்னு பில் போடறதுக்கு முன்னாடியே கேட்டு அத பில்லுலயே எழுதி வாங்கிக்கோங்க.